இஸ்ஸா, ஆரா? தப்பைக் காட்டிக்கொடுக்கும் ஒர்க்‌ஷீட் தயாரிப்பது எப்படி

எட்டாம் வகுப்புக்கு ஒருமுறை ஆங்கில இலக்கண ஒர்க்‌ஷீட் ஒன்று தயாரித்தேன். எழுவாய்க்கு ஏற்ற வினையைப் போடும் பயிற்சி. மொத்தம் பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கோடிட்ட இடம், அடைப்புக்குள் இஸ், ஆர். ஒரு பையன் பத்துக்கு ஒன்பது வாங்கினான். பாடம் புரிந்துவிட்டது என்று நினைத்து, மறுநாள் கரும்பலகையில் இந்த வாக்கியத்தை எழுதி அவனையே எழுப்பினேன்.

```
The box of mangoes ___ on the table.
```

யோசிக்காமல் 'ஆர்' என்றான். எப்படி என்று கேட்டேன். "பக்கத்துல என்ன இருக்குன்னு பாத்தேன் சார். மேங்கோஸ் இருக்கு. நிறைய இருந்தா ஆர்தானே?" என்றான். நேற்றும் அப்படித்தான் போட்டாயா என்றால், ஆமாம் என்று தலையாட்டினான்.

வீட்டுக்குப் போய் என் தாளை எடுத்துப் பார்த்தேன். குற்றம் அவனிடம் இல்லை. பத்து வாக்கியங்களில் ஒன்பதை, கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள பெயர்ச்சொல்லை மட்டும் பார்த்தே சரியாக நிரப்பிவிடலாம். தவறான வழியில் போனவனையும் சரியான வழியில் போனவனையும் ஒரே இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் தாள் அது. அதற்கு அப்புறம் இந்தப் பாடத்துக்கு ஒர்க்‌ஷீட் எழுத உட்கார்ந்தால், விதியில் தொடங்குவதை விட்டுவிட்டேன். பிள்ளை எந்தத் தவறான வழியில் போவான், அந்த வழியில் போனால் இந்த வாக்கியத்தில் மாட்டுவானா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

நம் பிள்ளைகள் எங்கே வழுக்குகிறார்கள் என்பதைத் தமிழை வைத்தே கொஞ்சம் ஊகிக்கலாம். 'மாணவர்கள் வந்தார்கள்' என்கிறோம். பெயரிலும் கள், வினையிலும் கள். ஆங்கிலத்தில் பெயரோடு எஸ் சேர்த்தால் பன்மை என்று படித்த பிள்ளை, அந்த எஸ்ஸையும் நம்ம 'கள்' மாதிரி நினைத்துக்கொண்டு வினையிலும் ஒட்டிவிடுகிறது. 'பாய்ஸ் பிளேஸ்' என்று எழுதுவது பெரும்பாலும் இதனால்தான் என்பது என் கணிப்பு. ஆங்கில வினையில் எஸ் வந்தால் அது ஒருமை, கணக்கு தலைகீழ். அதேபோல 'எல்லாரும் வந்தார்கள்' என்று நாம் பன்மையில் முடிப்பதால் 'எவ்ரிஒன் ஆர்' என்பது நாக்கில் தானாக வருகிறது. 'போலீஸ் வந்துட்டார்' என்று ஒரே ஒரு காவலரைச் சொல்லிப் பழகியிருப்பதால் 'போலீஸ் இஸ்' என்பதும் பிள்ளைக்குத் தப்பாகத் தெரிவதில்லை.

இன்னொன்று, கோட்டில் எந்த வினையைக் கேட்கிறோம் என்பது. இறந்தகாலத்தில் வாஸ், வேர் தவிர வேறு எந்த வினையும் எழுவாயைப் பார்த்து மாறாது. ஹீ வென்ட், தே வென்ட், இரண்டும் ஒன்றுதான். கேன், வில், மஸ்ட் போன்றவையும் மாறுவதில்லை. அந்த மாதிரி வாக்கியங்கள் தாளில் வந்தால் இடம்தான் வீண். முதல் தாளில் இஸ், ஆர் மட்டும் போதும். நீட், நீட்ஸ் போல எஸ் ஏறி இறங்கும் வினைகளை இரண்டாம் தாளுக்கு ஒதுக்கலாம். முதல் தாளிலேயே அவற்றைக் கலந்தால், பிள்ளை எழுவாயைத் தவறாகப் பிடித்தானா, எஸ்ஸைத் தவறாகப் போட்டானா என்று திருத்தும்போது பிரித்துச் சொல்ல முடியாது.

சரி, மாம்பழப் பெட்டிக்கு வருவோம். அந்த வாக்கியத்தில் மேசைமேல் இருப்பது பெட்டி. மாம்பழங்கள் பெட்டியைப் பற்றிய கூடுதல் தகவல்தான். ஆனால் பன்மையான ஒரு சொல் வினைக்கு முன்னால் வந்து நின்றால் நம் காது அதன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தையே தினமும் பேசுகிறவர்களுக்கும் இது நடக்கும். 1991-ல் கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு வாக்கியத்தின் தொடக்கத்தை மட்டும் கொடுத்து, மீதியைச் சொல்லி முடிக்கச் சொன்னார்கள். பெட்டி போன்ற தலைச்சொல் ஒருமையாகவும் மாம்பழங்கள் போன்ற பக்கத்துச் சொல் பன்மையாகவும் இருந்தபோது வினையில் தவறுகள் கூடின. மாற்றிப் போட்டால், அதாவது தலைச்சொல் பன்மை, பக்கத்துச் சொல் ஒருமை என்று இருந்தால், அவ்வளவாகத் தவறு வரவில்லை.

ஒர்க்‌ஷீட் எழுதுகிறவருக்கு இது உடனே பயன்படும் செய்தி. 'மாம்பழப் பெட்டி' என்பது நல்ல பொறி. 'அலமாரியின் சாவிகள்' என்பது பலவீனமான பொறி. ஆனாலும் இரண்டாவது வகையிலிருந்து ஒன்றையாவது தாளில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் 'நடுவில் இன்னொரு பெயர் வந்தால் எப்போதும் இஸ்' என்று பிள்ளை ஒரு குறுக்குவழி கண்டுபிடித்துவிடும். பிள்ளைகள் அதில் கெட்டிக்காரர்கள்.

இப்போது ஐதர்-ஆர், அதாவது 'இவரோ அவரோ' என்று இரண்டு பெயர்களில் ஒன்றைச் சொல்லும் அமைப்பு. இங்கேதான் பாடம் நம்மையே திருப்பி அடிக்கிறது. பக்கத்துச் சொல்லைப் பார்க்காதே, தலைச்சொல்லைப் பார் என்று ஒரு வாரம் சொல்லிக் கொடுத்திருப்போம். ஐதர்-ஆர், நைதர்-நார் வந்ததும் விதி அப்படியே மாறுகிறது. இரண்டு பெயர்களில் வினைக்கு அருகில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் வினை போட வேண்டும். நேற்றுவரை தவறு என்று சொன்ன பழக்கம் இன்று சரியாகிவிடுகிறது. அதனால்தான் வரிசை முக்கியம். தலைச்சொல்லைப் பிடிப்பது கைவந்த பிறகுதான் ஐதர்-ஆரைத் தொட வேண்டும். முதலிலேயே இதைச் சொல்லிக் கொடுத்தால், பக்கத்துச் சொல்லைப் பார்க்கும் பிள்ளைக்கு நாமே சான்றிதழ் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

தமிழில் இந்தத் தலைவலியிலிருந்து நாம் நழுவிவிடுவோம். 'டிரைவரோ பயணிகளோ' என்று ஆரம்பித்தால் முடிப்பது சிரமம் என்று வாய்க்கே தெரியும். 'டிரைவர் மேலயோ பயணிகள் மேலயோ தப்பு இருக்கு' என்று எழுவாயையே மாற்றிவிடுகிறோம். இருப்பது தப்பு, ஆகவே 'இருக்கு'. ஆங்கிலத்தில் அப்படி நழுவ முடியாத இடங்கள் உண்டு. அதற்குத்தான் இந்த விதி.

என் பழைய தாளில் இருந்த ஐதர்-ஆர் வாக்கியம் 'ஐதர் ரவி ஆர் மணி' என்று தொடங்கும். இரண்டும் ஒருமை. முதல் பெயரைப் பார்த்தாலும் இஸ், இரண்டாவதைப் பார்த்தாலும் இஸ். இரண்டு பேர் இருப்பதால் ஆர் என்று நினைக்கிற பிள்ளையை மட்டும்தான் அது பிடிக்கும். அருகாமை விதி தெரியுமா என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது. அதைச் சோதிக்க வேண்டுமானால் ஒரு பெயர் ஒருமையாகவும் மற்றது பன்மையாகவும் இருக்க வேண்டும். அது மட்டும் போதாது, அதே வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு இன்னொரு வாக்கியமும் வேண்டும்.

```
Either the driver or the passengers ___ wrong.
Either the passengers or the driver ___ wrong.
```

முதலாவதற்கு ஆர், இரண்டாவதற்கு இஸ். சொற்கள் எல்லாம் அதேதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. ஜோடியாகக் கொடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் பாதி வாய்ப்பு சரியாகிவிடும். ஜோடியில் இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண் என்று வைத்தால், குருட்டாம்போக்கில் கிடைக்கும் வாய்ப்பு நாலில் ஒன்றாகக் குறையும். ஆனால் ஜோடியை அடுத்தடுத்து அச்சிடக் கூடாது. ஒன்றுக்கு ஆர் போட்டால் மற்றதற்கு இஸ்ஸாகத்தான் இருக்கும் என்று பிள்ளை மோப்பம் பிடித்துவிடும். தாளில் தள்ளித் தள்ளிப் போடுங்கள்.

ஐதர்-ஆரில் 'ஐ' வருகிற வாக்கியங்களை முதல் தாளில் சேர்க்காதீர்கள். 'நைதர் யூ நார் ஐ ஆம்' என்பது விதிப்படி சரிதான், ஆனால் எழுதுகிற பெரியவர்களே அதைப் படித்து முகம் சுளிப்பார்கள். 'ஐதர் ஆஃப் த பாய்ஸ்' என்பதையும் தள்ளிவைக்கலாம். அங்கே ஐதரே எழுவாய், ஆகவே இஸ். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் விதி வேறு.

அடுத்து கலெக்டிவ் நவுன், அதாவது ஒரு கூட்டத்தையே ஒரு சொல்லால் குறிக்கும் பெயர்கள்: டீம், ஃபேமிலி, கமிட்டி. பள்ளி இலக்கணத்தில் இதற்குச் சொல்லிக் கொடுப்பது எளிது. கூட்டம் ஒரே உடம்பாக ஏதாவது செய்தால் ஒருமை, உள்ளே இருக்கிறவர்கள் தனித்தனியாகச் செய்தால் பன்மை. தமிழில் நாம் இப்படிப் பிரிப்பதில்லை. 'அணி வென்றது', 'குழு கூடியது', அவ்வளவுதான். உள்ளே இருக்கிற ஆட்களைச் சொல்ல வேண்டுமானால் 'அணியினர்' என்று சொல்லையே மாற்றிவிடுவோம். ஆகவே இந்த இடத்தில் தமிழ்ப் பிள்ளை பெரும்பாலும் இஸ் பக்கமே சாயும்.

இதற்கு எடுத்துக்காட்டாக வழக்கமாகக் கொடுப்பது, நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் ஜூரி கருத்து வேறுபட்டுப் பிரிந்து நின்றது என்ற வாக்கியம். எனக்கு அதில் ஒரு சங்கடம். இந்தியாவில் 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே ஜூரிக்கு இடம் இல்லாமல் போயிற்று. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஜூரி என்பது ஒரு ஆளா, பத்து ஆளா என்றே தெரியாது. பிறகு அவர்கள் 'பிரிந்து நின்றார்கள்' என்பதை எங்கே கற்பனை செய்வது? டீம் என்று போட்டால் வேலை முடிந்தது.

```
The team ___ tying their shoelaces.
The team ___ proud of its new coach.
```

முதல் வாக்கியத்தில் ஷூவுக்கு நாடா கட்டுவதை ஒரு அணி சேர்ந்து செய்ய முடியாது. அவரவர் காலில் அவரவர்தான் கட்டவேண்டும். ஆகவே ஆர். கூடவே 'தேர்' என்ற சொல்லும் துப்புக் கொடுக்கிறது. இரண்டாவதில் 'இட்ஸ்' இருக்கிறது, ஆகவே இஸ். இப்படித் துப்பு இல்லாமல் 'த டீம் ___ ஹேப்பி' என்று கொடுத்தால் இரண்டும் சரி. என் பழைய தாளில் அந்த வாக்கியமும் இருந்தது. அந்தப் பையன் இழந்த அந்த ஒரு மதிப்பெண் அதில்தான் போயிற்று. அவன் ஆர் போட்டிருந்தான், என் விடைக்குறிப்பில் இஸ் இருந்தது. நியாயப்படி அவனுக்கு நான் ஒரு மதிப்பெண் பாக்கி.

ஏன் இரண்டும் சரி என்றால், ஆங்கிலத்துக்குள்ளேயே இரண்டு வழக்குகள் இருக்கின்றன. அமெரிக்காவில் கூட்டப் பெயருக்குப் பெரும்பாலும் ஒருமைதான். பிரிட்டனில் பன்மையும் தாராளமாக வரும். பிள்ளைகளுக்கு இதைக் கிரிக்கெட்டை வைத்தே காட்டலாம். ஆட்டத்தின் கடைசி ஓவரில் திரையில் வருவது 'இந்தியா நீட் 12 ரன்ஸ்'. நீட்ஸ் இல்லை. நாட்டின் பெயர் அங்கே பதினொரு பேரைக் குறிக்கிறது, ஆகவே பன்மை வினை. அதே பெயர் அரசியல் செய்தியில் வந்தால் ஒருமை வினை எடுக்கும். தினமும் பார்க்கிற வரி இது, ஆனால் அதில் எஸ் இல்லை என்பதை வகுப்பில் ஒருவர்கூடக் கவனித்திருக்கவில்லை.

போலீஸ் வேறு வகை. அதற்கு எப்போதும் ஆர்தான், யோசிக்க ஒன்றுமில்லை. பீப்பிள், கால்நடைகளைக் குறிக்கும் கேட்டில் இரண்டும் அப்படியே.

இனி தாளை ஒன்றாக அடுக்குவோம். எட்டே வாக்கியங்கள் போதும். அடைப்புக்குள் விடையையும் போட்டிருக்கிறேன், மாணவருக்குக் கொடுக்கும் பிரதியில் அதை எடுத்துவிட வேண்டும்.

```
1. The box of mangoes ___ on the table. (is)
2. Either the driver or the passengers ___ wrong. (are)
3. The team ___ proud of its new coach. (is)
4. The keys to the cupboard ___ missing. (are)
5. The captain, along with his players, ___ outside. (is)
6. The police ___ at the gate. (are)
7. Either the passengers or the driver ___ wrong. (is)
8. The team ___ tying their shoelaces. (are)
```

ஐந்தாவது வாக்கியம் கொஞ்சம் விஷமமானது. 'அலாங் வித்' கேப்டனோடு ஆட்களைச் சேர்த்தாலும் எழுவாயில் சேர்ப்பதில்லை, எழுவாய் கேப்டன் மட்டும்தான். ஐதர்-ஆர் படித்த ஜோரில் பக்கத்தில் பிளேயர்ஸ் இருப்பதைப் பார்த்து ஆர் போடுகிறவர் இதில் மாட்டுவார். அதற்காகவே இரண்டு ஐதர்-ஆர் வாக்கியங்களுக்கும் நடுவில் அதை வைத்திருக்கிறேன்.

தாளைப் பிரதி எடுக்க அனுப்புவதற்கு முன் நான் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. கால் மணி நேரம் பிடிக்கும். ஒரு தப்பான வழியை மனதில் வைத்துக்கொண்டு, அந்த வழியிலேயே தாள் முழுவதையும் நானே நிரப்பிப் பார்ப்பேன். முதலில் நம் பையனின் வழி, அதாவது கோட்டுக்குப் பக்கத்துப் பெயரைப் பார்ப்பது. மாம்பழத்தில் தப்பு, இரண்டாவது சரி, மூன்றாவதில் டீம் ஒருமை போலத் தெரிவதால் இஸ், அதுவும் சரி. நான்கு, ஐந்து, ஆறு தப்பு. ஏழு சரி. எட்டு தப்பு. மொத்தம் மூன்று. அவனைப் போல டீமுக்கு ஆர் போட்டாலும் மூன்றாவது தப்பாகி எட்டாவது சரியாகும், மொத்தம் மாறாது. அடுத்து, எப்போதும் முதல் பெயரையே பார்ப்பவர். அவருக்கு 1, 3, 4, 5 சரி, ஐதர்-ஆர் இரண்டும் போலீஸும் கடைசி வாக்கியமும் தப்பு. நான்கு மதிப்பெண். நிறைய ஆட்களோ பொருள்களோ கண்ணில் பட்டாலே ஆர் போடுகிறவருக்கு 2, 4, 6, 8 கிடைக்கும், அதுவும் நான்கு. எல்லாவற்றுக்கும் இஸ் போட்டாலும் நான்கு, எல்லாவற்றுக்கும் ஆர் போட்டாலும் நான்கு.

ஆக எந்தக் குறுக்குவழியும் பாதியைத் தாண்டவில்லை. அப்படித் தாண்டினால் எந்த வாக்கியம் அந்த வழிக்கு உதவுகிறது என்று பார்த்து அதை மாற்றுவேன். இந்தத் தாளில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். விடைகள் இஸ், ஆர், இஸ், ஆர் என்று ஒன்றுவிட்டு ஒன்று வருகின்றன. அச்சுக்குப் போகும்போது ஆறையும் ஏழையும் இடம் மாற்றினால் அந்த ஒழுங்கு உடைந்துவிடும். அதற்கு அப்புறமும் இரண்டு ஐதர்-ஆருக்கு நடுவில் மூன்று வாக்கியங்கள் இருக்கும், கேப்டனும் அந்த மூன்றில் ஒன்றுதான்.

மதிப்பெண் போடுவதிலும் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். கோட்டை நிரப்புவதோடு, எந்தச் சொல்லைப் பார்த்து வினையைத் தேர்ந்தெடுத்தாயோ அதன் அடியில் கோடு போடு என்று சொல்லுங்கள். அதற்கு ஒரு மதிப்பெண், வினைக்கு ஒரு மதிப்பெண். வினை சரி, அடிக்கோடு வேறு சொல்லில் என்றால் அது அதிர்ஷ்டம். அடிக்கோடு சரி, வினை தப்பு என்றால் எழுவாய் தெரிகிறது, இஸ்-ஆர்தான் தடுமாறுகிறது. போலீஸில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைத்தான் பார்ப்பீர்கள்.

திருத்தும்போது மொத்த மதிப்பெண்ணைவிட எந்த எண்கள் தப்பு என்பதைக் குறித்துக்கொள்வது நல்லது. 1, 4, 5 தப்பாகி ஐதர்-ஆர் இரண்டும் சரியாக இருந்தால் பிள்ளை பக்கத்துச் சொல்லைப் பார்க்கிறது. அவனுக்கு ஐதர்-ஆர் விதி தெரியும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், அவன் எல்லா இடத்திலும் செய்வதைத்தான் அங்கேயும் செய்திருக்கிறான். 1, 4, 5 சரியாகி ஐதர்-ஆர் இரண்டும் தப்பாக இருந்தால் நல்ல நிலைமை. தலைச்சொல் பிடிபட்டுவிட்டது, புது விதி மட்டும் இன்னும் ஒட்டவில்லை. இந்த இரண்டு பேருக்கும் மொத்த மதிப்பெண் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். முதலாமவனை மாம்பழப் பெட்டிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டாமவனுக்கு டிரைவர்-பயணிகள் மாதிரி இன்னும் இரண்டு ஜோடி கொடுத்தால் போதும்.

எட்டையும் சரியாகப் போட்டவர்களுக்கு நான் தனியாக ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். இதில் இரண்டு கோடுகள்.

```
The family ___ (is/are) packing ___ (its/their) bags.
```

இஸ்-இட்ஸ் என்று போட்டாலும் சரி, ஆர்-தேர் என்று போட்டாலும் சரி. இஸ் போட்டுவிட்டுத் தேர் போட்டால், பேச்சில் அப்படிச் சொல்கிறவர்கள் இருந்தாலும், இந்தத் தாளில் மதிப்பெண் கிடையாது, ஏனென்றால் இங்கே பார்ப்பது முன்னுக்குப் பின் ஒத்துப்போகிறதா என்பதைத்தான். விடைக்குறிப்பில் இரண்டு விடைகளையும் எழுதிவைத்துவிடுங்கள், திருத்துவது வேறு ஆசிரியராக இருக்கலாம். போன தடவை இந்த வாக்கியத்துக்கு ஒரு பெண் ஆர்-தேர் போட்டு, பக்கத்தில் பென்சிலால் தமிழில் காரணமும் எழுதியிருந்தாள்: 'எங்க வீட்ல அவங்கவங்க பேக்கை அவங்கவங்கதான் கட்டணும்.'